தாயைப் பற்றி மகன் எழுதிய விமர்சனத்துக்கு மருத்துவ நிலையம் என்ன பதில் எழுதலாம்?

கேள்வி: "யாழ்ப்பாணத்தில் சிறிய தனியார் மருத்துவ நிலையம் ஒன்றை நிர்வகிக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், தன் தாயை நாங்கள் மூன்று மணித்தியாலம் காக்க வைத்ததாகவும், வரவேற்பில் இருந்தவர் எரிந்து விழுந்ததாகவும், பிழையான மருந்து கொடுத்ததாகவும் கூகிளில் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறார். நடந்தது வேறு, கோப்பில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. உண்மையை எழுதிப் பதில் போடலாமா? எப்படி எழுதுவது?"

பதில் போடலாம், போடுவதே நல்லது. ஆனால் கோப்பில் இருப்பதில் ஒரு வரியைக்கூட அந்தப் பதிலில் எழுத முடியாது. நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் தவிர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தாய் உங்கள் நிலையத்துக்கு வந்தார் என்பதே மருத்துவ இரகசியத்தின் முதற் பகுதி என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நீரிழிவுக்கும் மகப்பேற்றுக்கும் மனநலத்துக்கும் தனித்தனி நாட்களில் வைத்தியர்கள் வரும் ஒரு நிலையத்தில், இன்னார் இன்ன நாளில் வந்தார் என்று சொன்னாலே எதற்காக வந்தார் என்பதையும் சொன்னதாகிவிடும்.

மகன்தானே எல்லாவற்றையும் முதலில் எழுதினார் என்ற வாதம் இங்கே செல்லாது. ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதியிருந்தாலும் அவர் எதைச் சொல்வதென்பது அவருடைய உரிமை. அவர் வாய் திறந்ததால் மருத்துவ நிலையத்தின் வாய்க்கட்டு அவிழ்வதில்லை. உங்கள் விடயத்தில் நிலைமை இன்னும் இறுக்கமானது, ஏனென்றால் எழுதியவர் மகன், நோயாளர் தாய். தாய் எதையும் எழுதவில்லை. மகன் இப்படி எழுதியிருப்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. உங்கள் கடப்பாடு அவருக்குரியது. மகனின் கோபம் அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இது வெறும் நாகரிகம் சார்ந்த விடயமல்ல. மருத்துவர்கள் ஏற்கும் ஜெனீவாப் பிரகடனம் நோயாளர் இறந்த பின்னும் அவருடைய இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவை விசேட வகைத் தரவாகத் தனியே பிரித்து வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது என்றாலும், வைத்தியரின் இரகசியக் கடப்பாடு அதற்கு நெடுங்காலம் முந்தியது. சட்டத்தின் திகதியைப் பார்த்துக் காத்திருக்கும் விடயமல்ல அது. விமர்சனத்துக்கு எழுதிய பதிலே இரகசிய மீறலாக விசாரிக்கப்பட்ட சம்பவங்கள் அமெரிக்காவில் தெளிவாகப் பதிவாகியிருக்கின்றன. டலஸ் நகரின் ஒரு பல் மருத்துவ நிலையம் விமர்சகரின் பெயரையும் அவருடைய சிகிச்சை விபரத்தையும் பதிலில் எழுதியதற்காக 2019 இல் 10,000 டொலர் செலுத்தி இணக்கத்துக்கு வந்தது. நியூ ஜேர்சியில் மனநல சிகிச்சை வழங்கும் ஒரு நிலையம் கூகிள் விமர்சனத்துக்கு எழுதிய பதிலில் நோய் விபரத்தை வெளியிட்டதற்காக 2023 இல் 30,000 டொலர் செலுத்தியது. அமெரிக்கச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இரண்டு இடத்திலும் பிரச்சினையைப் பெரிதாக்கியது விமர்சனமல்ல, பதில்தான் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் கோப்பில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எடுத்துக்காட்டுக்காக இப்படி வைத்துக்கொள்வோம். அந்த அம்மா நீரிழிவுக்காக ஒழுங்காக வருபவர். அன்று வெறுவயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு ஆய்வுகூடத்திலிருந்து பிந்தி வந்ததால் அவர் காத்திருக்க நேர்ந்தது. கிளிக்ளசைட் மாத்திரை எழுதப்பட்டது. சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது என்று தாதி சொல்லிக் கோப்பிலும் குறித்தார். சில நாட்களின் பின் அவர் விரதம் இருந்தார், மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார், சீனி இறங்கிவிட்டது. இந்த வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் அப்படி நடக்கக்கூடும் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விடயம். ஆகவே மருந்து பிழையானதல்ல என்று நீங்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

இந்த நிலையில் ஒரு முகாமையாளருக்குக் கை துறுதுறுக்கும் பதில் எப்படி இருக்கும்? "உங்கள் தாயார் எங்களிடம் பல வருடமாக வருபவர். அன்று தாமதித்தது ஆய்வுகூடம். எங்கள் தாதி சாப்பாட்டைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருந்தும் அவர் விரதம் இருந்தார். தீர விசாரிக்காமல் எழுதாதீர்கள்." முதல் மூன்று வசனங்களும் உண்மை, ஒவ்வொன்றும் ஒரு வெளியீடு. முதலாவது, அவர் நோயாளர் என்பதையும் நீண்டகால நோய் உள்ளவர் என்பதையும் உறுதிப்படுத்துகிறது. இரண்டாவது, பரிசோதனை நடந்ததைச் சொல்கிறது. மூன்றாவது, சாப்பாட்டோடு தொடர்புள்ள மருந்து என்று சொல்வதால் நீரிழிவு என்பதை ஊரில் யாரும் ஊகிக்க இடம் கொடுக்கிறது. அதோடு அந்தப் பெண்ணின் மீது பழியையும் போடுகிறது. கடைசி வசனம் எதையும் வெளியிடாவிட்டாலும், வாசிக்கும் மற்றவர்களுக்கு இந்த நிலையம் முறைப்பாட்டை எப்படி எதிர்கொள்ளும் என்பதை நன்றாகவே காட்டிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் கூர்மையானது. மகனின் பெயர் விமர்சனத்தின் மேலேயே இருக்கிறது. அவர் எந்த நாட்டில் இருக்கிறார், கொக்குவிலிலோ சாவகச்சேரியிலோ அவருடைய வீடு எது, தாய் யாருடன் இருக்கிறார் என்பதெல்லாம் கோயிலடியில் இரண்டு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும். பெயரை எழுதாமல் "அந்த அம்மா" என்று எழுதியதால் எவரும் மறைவதில்லை. கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் தாயின் நோய் ஒரு தகவலாக உலாவுவதை நாம் அறியாதவர்களல்ல.

இனி, இந்த விமர்சனத்துக்கு நான் எழுதித் தரக்கூடிய பதில் இது:

> வணக்கம். நீங்கள் எழுதியதைக் கவனமாக வாசித்தோம். நீண்ட நேரம் காத்திருக்க நேர்வதும், மரியாதைக் குறைவான பேச்சைக் கேட்க நேர்வதும், மருந்து பற்றி ஐயம் எழுவதும் எவருக்கும் கவலை தருபவை. இப்படியான முறைப்பாடு எதையும் நாங்கள் விசாரிக்காமல் விடுவதில்லை. எங்களிடம் ஒருவர் சிகிச்சை பெற்றாரா இல்லையா என்பது உட்பட, எவருடைய மருத்துவ விபரத்தையும் நாங்கள் பொதுவில் பேச முடியாது. அதனால் இந்த இடத்தில் விளக்கம் எதுவும் தர முடியாமல் இருக்கிறோம். முறைப்பாடுகளை முகாமையாளர் நேரடியாகக் கேட்கிறார். இந்தப் பக்கத்தில் உள்ள எங்கள் தொலைபேசி இலக்கத்தில் வார நாட்களில் காலை 9 மணி முதல் இரவு 8 மணி வரை அவருடன் பேசலாம். மருந்து எடுத்த பின் உடல்நிலை குறித்துக் கவலை உள்ள எவரும் அதுவரை காத்திராமல் உடனே வைத்தியர் ஒருவரிடம் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். — முகாமையாளர்

இதில் மகனின் பெயர் இல்லை, "உங்கள் தாயார்" இல்லை, "அன்று" இல்லை. "எங்களிடம் வந்தமைக்கு நன்றி" என்ற, கையில் தானாக வரும் வசனமும் இல்லை. நன்றி சொன்னால் வந்ததை உறுதிப்படுத்தியதாகிவிடும். காத்திருப்பு, பேச்சு, மருந்து ஆகிய மூன்றும் அவர் எழுதியதிலிருந்து எடுத்தவை. கோப்பிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னதால் அவர் எழுதியது வாசிக்கப்பட்டது என்பது தெரிகிறது. எல்லா விமர்சனத்துக்கும் ஒரே வசனத்தை வெட்டி ஒட்டும் நிலையங்களின் பக்கத்தைப் பார்த்தால் வாசகருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

வருத்தம் தெரிவிக்கும் முறையில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. "உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்பது பணிவாகத் தோன்றும். ஆனால் அந்த "இருந்தால்" எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது, ஏனென்றால் புண்பட்டது அவருடைய குறை என்ற தொனி அதில் ஒளிந்திருக்கிறது. மறுபுறம், "எங்கள் ஊழியர் அப்படிப் பேசியதற்கு வருந்துகிறோம்" என்று எழுதினால், விசாரணை முடியுமுன் ஊழியர் மீது குற்றத்தை ஏற்றியதும், அந்தச் சந்திப்பு நடந்ததை ஒத்துக்கொண்டதும் ஒன்றாக நடந்துவிடும். ஆகவே எவருக்கும் கவலை தரும் விடயம் என்று பொதுவாகச் சொல்லி, விசாரிக்கிறோம் என்பதை உறுதியாகச் சொல்வதோடு நிறுத்தினேன். விசாரித்து உண்மையில் பிழை இருந்தால், மன்னிப்பைத் தனியே, அந்தத் தாயிடம் நேரில், தெளிவாகக் கேட்பதுதான் முறை.

இரவு 8 மணி வரை என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. இங்கே மாலை 6 மணி என்றால் லண்டனில் பகல் ஒன்றரை அல்லது பன்னிரண்டரை, ரொறன்ரோவில் காலை எட்டரை அல்லது ஏழரை, பருவத்தைப் பொறுத்து. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வழியில் பேச முடியும். "வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்களுக்கு" என்று பதிலில் எழுதாமல் நேரத்தை மட்டும் நீட்டிவைத்தால் ஆளைக் குறிப்பிடாமலே வசதி செய்துகொடுக்கலாம். அந்த நேரத்தில் உண்மையில் ஒருவர் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். எடுக்காவிட்டால் அடுத்த விமர்சனம் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

எழுதிய பதிலைப் போடுமுன் ஒரு கேள்வியால் சோதித்துப் பாருங்கள்: உங்கள் நிலையத்தின் படியே ஏறாத ஒருவர் இதே முறைப்பாட்டை எழுதியிருந்தாலும் இந்தப் பதில் ஒரு சொல்லும் மாறாமல் பொருந்துமா? பொருந்தினால் கோப்பிலிருந்து எதுவும் கசியவில்லை. பொருந்தாத இடம் எதுவோ அங்கேதான் கசிவு. பொது விளக்கம் என்ற வேடத்தில் வரும் மறுப்பையும் இந்தக் கேள்வி பிடித்துவிடும். "நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் விரத நாட்களில் வைத்தியரின் ஆலோசனை பெற வேண்டும் என்பதை எப்போதும் வலியுறுத்துகிறோம்" என்ற வசனம் எந்த ஆளையும் குறிப்பிடவில்லை. சுகாதாரக் கல்வி போலவே ஒலிக்கிறது. ஆனால் விரதத்தைப் பற்றி விமர்சனத்தில் ஒரு சொல்லும் இல்லாதபோது அது எங்கிருந்து வந்தது? கோப்பிலிருந்து வந்தது. மகன் அதை ஒரு நொடியில் புரிந்துகொள்வார், அயலவரும் அப்படியே.

இதே காரணத்தால், போலி விமர்சனம் என்று நினைப்பவற்றுக்கு "இந்தப் பெயரில் எவரும் எங்களிடம் வரவில்லை" என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பலருக்கு இது பாதுகாப்பான பதிலாகத் தெரிகிறது. ஆனால் வராதவர்களுக்கு "வரவில்லை" என்று சொல்லும் நிலையம், மற்றவர்களுக்கு அதைச் சொல்லாமல் விடும்போது, அவர்கள் வந்தவர்கள் என்று சொல்லாமற் சொல்லிவிடுகிறது. தவிர, தந்தையின் பெயரிலோ கணவரின் பெயரிலோ பதிவு செய்தவர் வேறு பெயரில் எழுதுவது நம்மிடையே சாதாரணம். "வரவில்லை" என்றது பொய்யாகிப் போகவும் கூடும். போலி என்று சந்தேகித்தால் விமர்சனத்தைக் கூகிளுக்கு முறையிடலாம். வசை, விளம்பரம், தொடர்பில்லாத பேச்சு, போட்டியாளர் எழுதியது போன்ற கொள்கை மீறல்களைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். யார் சொல்வது உண்மை என்ற தகராறில் அவர்கள் தலையிடுவதில்லை, எனவே உங்கள் இந்த விமர்சனத்தை அந்த வழியில் அகற்றலாம் என்று நம்ப வேண்டாம்.

பதிலை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. உண்மையில் அதுதான் முதலாவது. "பிழையான மருந்து" என்பது நட்சத்திரத்தைப் பற்றிய முறைப்பாடல்ல, உடல்நலத்தைப் பற்றியது. சிகிச்சைக்குப் பொறுப்பான வைத்தியர் கோப்பைப் பார்த்து, எழுதிய மருந்தும் மருந்தகத்தில் கொடுத்த மருந்தும் அளவும் ஒன்றா என்று சரிபார்க்க வேண்டும். மேலே எடுத்துக்காட்டில் சொன்னது போல் சீனி இறங்கியிருந்தால் அந்த அம்மாவுக்கு இன்னும் ஆபத்து இருக்கலாம். விமர்சனத்திலிருந்து அவர் யாரென்பது ஐயமின்றித் தெரிந்தால், சிகிச்சையின் தொடர்ச்சியாக, கோப்பில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து அவருடனேயே பேசி, உடல்நிலையை விசாரித்து, தேவையானால் வரச் சொல்லலாம். அந்த அழைப்பில் விமர்சனத்தைப் பற்றிப் பேச வேண்டாம். "மகனிடம் சொல்லி அதை எடுக்கச் சொல்லுங்கோ" என்று ஒரு வார்த்தை வந்தாலும் மருத்துவ அக்கறை மிரட்டலாக மாறிவிடும். யாரென்பது ஊகம் மட்டுமே என்றால் அழைக்கவே வேண்டாம். ஊகம் பிழைத்தால் ஒருவரின் முறைப்பாட்டை இன்னொருவருக்குச் சொன்னதாக முடியும். ஊழியர்களின் வைபர் குழுவில் விமர்சனத்தின் படத்தைப் போட்டு "இது யார் தெரியுமா" என்று கேட்பதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான், அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

மகன் அழைத்தால் என்ன செய்வது? பெரும்பாலும் அழைப்பார், பொதுவில் மரியாதையாகப் பதில் கிடைத்தவர்கள் அழைக்கத் தயங்குவதில்லை. அழைத்தவர் மகன்தான் என்பதற்குத் தொலைபேசிக் குரல் சான்றல்ல, மகனாக இருந்தாலும் தாயின் சம்மதம் இல்லாமல் கோப்பைத் திறக்க முடியாது. நம் குடும்பங்களில் பிள்ளைகள்தான் பணம் அனுப்புகிறார்கள், வைத்தியரைத் தெரிவு செய்கிறார்கள். அதனால் "நான்தானே காசு கட்டுறன்" என்பார்கள். அப்போது முகாமையாளர் சொல்லக்கூடியது: "நீங்கள் சொல்வதை முழுவதும் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். ஒருவருடைய சிகிச்சையைப் பற்றி நான் பேசுவதற்கு அவரே எங்களுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். அவர் நேரில் வந்தோ, எங்களிடம் பதிவு செய்த இலக்கத்திலிருந்து அழைத்தோ சொன்னால் வைத்தியரே உங்களுடன் பேச ஒழுங்கு செய்கிறேன்." கேட்பதற்கு எவருடைய சம்மதமும் தேவையில்லை, சொல்வதற்குத்தான் தேவை. இந்த வேறுபாட்டை வரவேற்பில் இருப்பவர் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை குறையும். தாய் சம்மதித்தால் யாருடன், எதைப் பற்றிப் பேசச் சம்மதித்தார் என்பதைத் திகதியோடு கோப்பில் எழுதுங்கள். கோப்பின் பக்கங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதைச் சம்மதம் கிடைத்த பின்னும் தவிர்ப்பது நல்லது.

பேசிய பின் அவர் மனம் மாறித் தன் விமர்சனத்தைத் திருத்தலாம், அல்லது திருத்தாமல் விடலாம். அதைக் கேட்டு வாங்க வேண்டாம், கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதை முடிச்சுப் போடவும் வேண்டாம். அவர் திருத்தினால் உங்கள் பழைய பதில் புதிய வரிகளின் கீழே பொருந்தாமல் நிற்கக்கூடும். ஆகவே ஒருமுறை பார்த்துத் தேவையானால் மாற்றி எழுதுங்கள்.

ஐந்து நட்சத்திர விமர்சனங்களுக்கும் இதே கட்டுப்பாடுதான். "உங்கள் மகப்பேறு நல்லபடி அமைந்ததில் மகிழ்ச்சி" என்று அன்பாக எழுதுவதும் வெளியீடே. "உங்கள் அன்பான சொற்களுக்கு நன்றி, எங்கள் ஊழியர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்" என்பது போதும்.

இதற்குள் அவசரப்பட்டு ஒரு விளக்கப் பதிலை ஏற்கனவே போட்டிருந்தால், திருத்திக்கொண்டிருக்காமல் முழுவதையும் அழியுங்கள். பதில் வெளியானதும் விமர்சகருக்கு அறிவித்தல் போயிருக்கக்கூடும், ஆகவே அழித்ததால் அது இல்லாமற் போய்விட்டது என்று எண்ண முடியாது. எந்தத் திகதியில் எந்த விபரம் வெளியானது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, நிலையத்தின் பொறுப்பான வைத்தியர் அந்தத் தாயிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன் பின், ஓரிரு நாள் விட்டு, மேலே எழுதியது போன்ற பதிலைப் போடலாம். அதை வைத்தியரோ வரவேற்பில் இருந்தவரோ எழுதாமல், அந்தச் சம்பவத்தில் நேரடித் தொடர்பில்லாத ஒருவர் எழுதி, இன்னொருவர் வாசித்துப் பார்த்த பின் போடுங்கள்.